22 புள்ளிகளில் ஒரு முகம்

கைப்பேசியை நீட்டிப் பிடித்து உங்கள் முகத்தை நீங்களே படம் எடுக்கிறீர்கள். வாய்விட்டுச் சிரிக்கும் முகம். பற்கள் கூடப் பளிச்சென்று தெரிகின்றன. அந்தப் படத்தைச் சதுரமாக வெட்டி, நண்பர்களோடு உரையாடும் தளத்தில் எமோஜியாக ஏற்றி விடுகிறீர்கள். பிறகு "தேர்வு முடிந்தது!" என்று எழுதி, பக்கத்திலேயே அந்த எமோஜியையும் வைத்து அனுப்புகிறீர்கள். மறுமுனையிலிருந்து ஒரு தோழி கேட்கிறாள்: "ஏன், அழுகிறாயா?"

சிரித்த முகம் அழுத முகமாக எப்படி ஆயிற்று? கைப்பேசியின் கேமராவில் குறை இல்லை. நீங்கள் சிரித்ததிலும் குறை இல்லை. படம் சுருங்கியபோது நடந்த ஒரு சிறு கணக்குதான் இந்தக் கோளாறுக்குக் காரணம். அந்தக் கணக்கைப் புரிந்து கொண்டால், சுருங்கினாலும் சிரிக்கின்ற முகம் ஒன்றை நீங்களே அமைத்து விடலாம். ஓர் அளவுகோலும் ஒரு கட்டத்தாளும் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

எவ்வளவு சிறியது?

கணினித் திரையில் தெரியும் படம் எதுவானாலும் அது பிக்சல் எனப்படும் சின்னஞ்சிறு சதுரப் புள்ளிகளால் ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு புள்ளிக்குள் ஒரே நிறம்தான் இருக்க முடியும். 'டிஸ்கார்டு' என்னும் உரையாடல் தளத்தை எடுத்துக் கொள்வோம். அதில் எமோஜிக்காக நாம் ஏற்றும் படம் 128 புள்ளி அகலமும் 128 புள்ளி உயரமும் இருக்கலாம். ஆனால், எழுத்துகளுக்கு நடுவே தோன்றும்போது அதற்குக் கிடைக்கும் இடம் 22-க்கு 22 மட்டுமே. 'ட்விட்ச்' என்னும் தளத்தில் மிகச் சிறிய அளவு 28-க்கு 28.

"என் கைப்பேசியின் திரை உயர்ந்த ரகம்; அதில் ஒரு புள்ளியின் இடத்தில் நான்கோ ஒன்பதோ நுண்புள்ளிகள் இருக்கின்றனவே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், திரை நுட்பமானதாக இருந்தாலும் கண் அப்படியேதான் இருக்கிறது. கைப்பேசியில் அந்த எமோஜியின் அகலம் சுமார் மூன்றரை மில்லிமீட்டர். ஓர் உளுந்தின் அளவு! நல்ல கண்பார்வை உள்ளவர் 35 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும்போது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை விட நெருக்கமாக உள்ள இரு கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காண முடியாது. ஆகவே, அந்த மூன்றரை மில்லிமீட்டருக்குள் அவருக்குத் தெரியக் கூடியவை ஏறக்குறைய 35 கோடுகளே. அதுவும் வெளிச்சம் நன்றாக இருந்து, கறுப்பும் வெள்ளையும் அடுத்தடுத்து நின்றால்தான். ஓடும் பேருந்தில் அவசரமாகப் பார்ப்பவருக்கு இதில் பாதி தெரிந்தாலே அதிகம். ஆகையால், எந்தத் திரைக்கு வரைந்தாலும் 22 புள்ளி என்று எண்ணிக் கொண்டு வரைவதே பத்திரமானது.

இப்போது அளவுகோலை எடுத்து உங்கள் தலையை அளந்து பாருங்கள். உச்சியிலிருந்து மோவாய் வரை சுமார் 22 சென்டிமீட்டர் இருக்கும். எவ்வளவு வசதியான எண் பாருங்கள்! 22 சென்டிமீட்டர் தலை 22 புள்ளிகளுக்குள் அடங்கினால், ஒரு புள்ளி ஒரு சென்டிமீட்டரைக் குறிக்கிறது. முகத்தில் எது எது எத்தனை புள்ளி பெறும் என்பதை இனி அளவுகோலே சொல்லி விடும். கண்ணின் நீளம் 3 சென்டிமீட்டர். எனவே மூன்று புள்ளி. கண் திறந்திருக்கும் உயரம் ஒரு சென்டிமீட்டர், ஒரே புள்ளி. கருவிழியின் குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அதற்கும் ஒரு புள்ளிதான். புருவத்தின் தடிமன் முக்கால் சென்டிமீட்டர் கூட இல்லை. நாம் சிரிக்கும்போது வாயின் ஓரங்கள் மேலே ஏறுகின்றனவே, அவை எவ்வளவு ஏறுகின்றன? கண்ணாடி முன் நின்று அளந்து பாருங்கள். பெரும்பாலோர்க்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அதாவது, உங்கள் சிரிப்பு முழுவதும் ஒரு புள்ளிக்குள் அடங்கிப் போகிறது.

சராசரி செய்யும் வேலை

புள்ளியை விடச் சிறிய பொருள் சுருங்கும்போது என்ன ஆகிறது? அது மறைந்து போவதில்லை. பக்கத்தில் உள்ளவற்றோடு கலந்து விடுகிறது. பெரிய படத்தைச் சிறிதாக்கும் நிரல், சிறிய படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பெரிய படத்தில் எந்தப் பகுதி உரியதோ, அந்தப் பகுதியின் நிறங்களையெல்லாம் கூட்டிச் சராசரி எடுக்கிறது. தேநீரில் பால் கலப்பது போலத்தான். கலந்த பிறகு இது பால், இது டிகாஷன் என்று பிரித்துக் காட்ட முடியாது.

கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கணினியில் கறுப்பின் வெளிச்ச அளவு 0. வெள்ளையின் அளவு 255. மாணவியின் தோலின் வெளிச்சம் படத்தில் 180 என்றும், கண்ணாடிச் சட்டத்தினுடையது 30 என்றும் வைத்துக்கொள்வோம். சட்டத்தின் தடிமன் இரண்டரை மில்லிமீட்டர். ஒரு புள்ளி ஒரு சென்டிமீட்டரைக் குறிப்பதால், சட்டம் அந்தப் புள்ளியில் கால் பங்கை மட்டுமே நிரப்பும். மற்ற முக்கால் பங்கு தோல். 30-இல் கால் பங்கு ஏழரை. 180-இல் முக்கால் பங்கு 135. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 142. கன்னங்கரேலென்றிருந்த சட்டம் வெறும் மங்கலான நிழலாகி விட்டது!

இதை விட மோசமாகவும் நடக்கலாம். சட்டம் ஒரே புள்ளிக்குள் விழாமல் இரு புள்ளிகளின் எல்லையில் விழுந்தால், ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு என்று பிரித்துக் கொள்ளும். அப்போது வெளிச்சம் 161. தோலுக்கும் சட்டத்துக்கும் இருந்த 150 வித்தியாசத்தில் மிஞ்சியது 19. கண்ணாடி போட்டிருக்கிறாளா இல்லையா என்று கூடச் சொல்வது கடினம். ஆனால், கண் சோர்ந்து கருவளையம் விழுந்தது போன்ற ஒரு தோற்றம் மட்டும் மிஞ்சும்.

வாய்க்கும் இதே கதிதான். வாயின் ஓரம் 6 மில்லிமீட்டர் ஏறியிருந்தால், அதன் கருமை மேல் வரிசைக்குப் பாதிக்கு மேலும் கீழ் வரிசைக்குப் பாதிக்குக் கீழுமாகப் பங்கிடப்படும். வளைந்த கோடு, அழுக்குத் துணியால் துடைத்த தடம் போல் ஆகி விடுகிறது. பற்களின் வெண்மையும் உதட்டின் நிறமும் கலந்து வெளிறிய பட்டை ஒன்று தோன்றும். சோர்ந்த கண், வெளிறிய வாய்! தோழி அழுகை என்று நினைத்ததில் வியப்பு என்ன?

ஆகவே இதை நினைவில் வையுங்கள். சுருக்கும்போது முகத்தின் எல்லாப் பகுதிகளும் சமமாக நட்டம் அடைவதில்லை. நெற்றி, கன்னம், முடி போன்ற அகன்ற பரப்புகள் அப்படியே தப்பித்துக் கொள்கின்றன. புருவம், கண், வாயோரம் என்று உணர்ச்சியைக் காட்டும் மெல்லிய கோடுகளே முதலில் பலியாகின்றன. எனவே, முகத்தைச் சுருக்கக் கூடாது. சிறிய அளவுக்கென்றே புதிதாக வரைய வேண்டும். செல்ஃபி என்பது நாம் பார்த்து வரைய உதவும் மாதிரி மட்டுமே.

முன்னோர் செய்தது

1984-இல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் மாக்கின்டாஷ் கணினி உருவாகிக் கொண்டிருந்த காலத்தில், சூசன் கேர் என்ற ஓவியர் அதற்கான சின்னங்களை வரைந்தார். அவருக்குக் கிடைத்த இடம் 32-க்கு 32. நிறங்களும் கிடையாது, ஒரு புள்ளி கறுப்பு அல்லது வெள்ளை, அவ்வளவுதான். சாதாரணக் கட்டத்தாளில் கட்டங்களை நிரப்பியே அவர் தம் வேலையைத் தொடங்கினார். கணினியைத் திறந்தவுடன் சிரித்து வரவேற்கும் சின்னம் அவர் வரைந்ததுதான். தம்முடன் பணிபுரிந்தவர்களின் முகங்களையும், ஸ்டீவ் ஜாப்ஸின் முகம் உட்பட, அதே 32 கட்டங்களில் அவர் வரைந்தார். பார்த்தவர்கள் இன்னார் என்று அடையாளம் கண்டு கொண்டார்கள். சாம்பல் நிறமே இல்லாததால் 'கலந்து விடுவது' என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. ஒவ்வொரு புள்ளியையும் பற்றி ஓவியர் தாமே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

1999-இல் ஜப்பானில் ஷிகெடாகா குரிடா என்பவர் என்டிடி டோகோமோ நிறுவனத்துக்காக 176 எமோஜிகளை உருவாக்கியபோது அவருக்குக் கிடைத்தவை 12-க்கு 12, அதாவது 144 புள்ளிகள் மட்டுமே. நமக்கோ 22-க்கு 22, மொத்தம் 484. குரிடாவோடு ஒப்பிட்டால் நாம் செல்வந்தர்கள்தாம். ஆனாலும் மாதச் சம்பளத்தைப் பங்கிடும் குடும்பத் தலைவியைப் போல் எண்ணி எண்ணித்தான் செலவு செய்ய வேண்டும்.

எதற்கு முதல் செலவு?

பலரையும் கேட்டால் "கண்ணுக்கு" என்பார்கள். ஆனால், 2003-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜாவித் சத்ர், இஸ்ஸத் ஜரூடி, இந்தியாவில் பிறந்தவரான பவன் சின்ஹா ஆகிய மூவரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். புகழ்பெற்றவர்களின் படங்களில் சிலவற்றில் கண்களை மட்டும் அழித்தார்கள். சிலவற்றில் புருவங்களை மட்டும் அழித்தார்கள். பிறகு இவர் யார் என்று கேட்டார்கள். கண் இல்லாத முகங்களை விடப் புருவம் இல்லாத முகங்களை அடையாளம் காணவே மக்கள் அதிகம் தடுமாறினார்கள்!

யோசித்துப் பார்த்தால் இது பொருத்தமாகவே இருக்கிறது. கண்ணுக்குள் வெள்ளை, கறுப்பு, இமை, நிழல் என்று நுணுக்கங்கள் பல. தூரத்தில் அவை கலந்து விடும். புருவமோ வெளிச்சமான நெற்றியின் மேல் கிடக்கும் ஒரே ஒரு கறுப்புப் பட்டை. தொலைவிலும் நிற்கக் கூடியது. கோபமா, வியப்பா, கவலையா என்பதையும் அதன் சாய்வே சொல்லி விடும். ஆகையால் முதல் செலவு புருவத்துக்கு, அடுத்தது வாய்க்கு, அதற்கு அடுத்ததுதான் கண்ணுக்கு. மூக்குக்கு? பெரும்பாலும் ஒன்றும் தர வேண்டியதில்லை. புதிதாக வரைபவர்கள் விட மறுப்பது மூக்கைத்தான். ஆனால், மூக்கை நமக்குக் காட்டுவது மெல்லிய நிழல். 22 புள்ளியில் அது ஒரு கறையாகத்தான் வரும். அந்த இடத்தை வாய்க்குக் கொடுத்தால் சிரிப்பு பெரிதாகும்.

முகம் இன்னாருடையது என்று தெரிய இன்னொன்றும் வேண்டும். கேலிச்சித்திரக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒருவருடைய முகம் பொதுவான முகத்திலிருந்து எங்கே மாறுபடுகிறதோ, அந்த மாறுபாட்டைப் பெரிதாக்குகிறார்கள். 1982-இல் சூசன் பிரென்னன் எம்.ஐ.டி.யில் எழுதிய ஆய்வேட்டில் இதையே கணினிக்குக் கற்றுக் கொடுத்தார். சராசரி முகத்தின் கோடுகளுக்கும் ஒருவருடைய முகத்தின் கோடுகளுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அதை ஒன்றரை மடங்கோ இரு மடங்கோ ஆக்கினால் கேலிச்சித்திரம் பிறக்கிறது. நமக்கு இது வேடிக்கைக்காக அல்ல, தேவைக்காக வேண்டியிருக்கிறது. 16 புள்ளி அகலமுள்ள ஒரு முகம் மற்ற முகங்களை விட ஐந்து சதவீதம் அகலம் என்றால், அந்த வித்தியாசம் ஒரு புள்ளி கூட இல்லை. அதைப் பெரிதாக்காவிட்டால் அது இல்லாமலே போய்விடும்.

படம் எடுக்கும்போது

இங்கே ஓர் எச்சரிக்கை. மாறுபாட்டைப் பெரிதாக்கப் போகிறோம் என்றால், அது உங்கள் முகத்தின் மாறுபாடாக இருக்க வேண்டும். கேமராவின் மாறுபாடாக இருக்கக் கூடாது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஆழத்தில் சுமார் 12 சென்டிமீட்டர் தூரம் உண்டு. கைப்பேசி மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தால், காதிலிருந்து 42 சென்டிமீட்டரில் இருக்கும். அருகில் உள்ளது பெரிதாகத் தெரியும் அல்லவா? 42-ஐ 30-ஆல் வகுத்தால் 1.4. காதோடு ஒப்பிட மூக்கு அந்த அளவுக்குப் பருத்து விழும். ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து எடுத்தால் 162-ஐ 150-ஆல் வகுக்க, 1.08 மட்டுமே. எனவே கைப்பேசியை ஓர் அலமாரியில் சாய்த்து வைத்து, நேரக் கணக்கில் தானே படமெடுக்கும் வசதியைப் பயன்படுத்தி, தள்ளி நின்று எடுங்கள். பிறகு முகத்தை மட்டும் வெட்டிக் கொள்ளலாம். வெளிச்சம் முன்பக்கத்திலிருந்து, ஒரு சன்னலிலிருந்து வந்தால் போதும். தலைக்கு நேர் மேலே எரியும் விளக்கு கண்குழிகளை இருட்டாக்கி விடும். நண்பர் ஒருவரின் முகத்தை வரைவதாக இருந்தால் அவரிடம் கேட்டு விட்டுத் தொடங்குங்கள். கேலியாக முடியக் கூடிய வேலை இது.

கட்டத்தாளில் வரைவோம்

அதே கண்ணாடி மாணவியை இப்போது வரையலாம். அவளுக்குச் சுருட்டை முடி; அடர்ந்த புருவம். கட்டத்தாளில் 22-க்கு 22 சதுரம் ஒன்று போடுங்கள்.

சுற்றிலும் ஒரு கட்டத்தை விளிம்புக்காக ஒதுக்கி விடுங்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். உள்ளே 20-க்கு 20 மிஞ்சும். சுருட்டை முடி அவளுடைய அடையாளம். ஆகவே மேலே நான்கு வரிசையும் இரு பக்கமும் இரண்டிரண்டு கட்டங்களும் முடிக்கு. ஒவ்வொரு சுருளாக வரைய முயல வேண்டாம். முடியின் வெளிக்கோடு மேகத்தின் ஓரம் போல் மூன்று நான்கு இடங்களில் புடைத்திருந்தால் போதும். பார்ப்பவர் அதைச் சுருட்டை என்று புரிந்து கொள்வார். கழுத்தும் தோளும் வேண்டாம். இப்போது முகத்துக்கு 16-க்கு 16 கட்டங்கள் உள்ளன.

மேலிருந்து எண்ணுங்கள். முதல் வரிசை நெற்றி. இரண்டாம் மூன்றாம் வரிசைகள் புருவம். ஒவ்வொன்றும் ஐந்து கட்ட நீளம். நான்காம் வரிசை வெறும் தோல். ஐந்து முதல் ஒன்பது வரை மூக்குக்கண்ணாடி. ஒவ்வொரு வட்டமும் வெளியே ஆறு கட்டம் அகலம். சட்டம் ஒரு முழுக் கட்டத் தடிமன். நடுவே இரண்டு கட்ட இணைப்பு. மொத்தம் 14, இரு ஓரத்திலும் ஒவ்வொரு கட்டம் கன்னம். கண்ணாடிக்குள் நான்குக்கு மூன்று என்று இடம் இருக்கிறது. அதை வெளிர் நிறமாக்கி, நடுவில் இரண்டுக்கு இரண்டு கறுப்புச் சதுரமாகக் கண்ணை வையுங்கள். இமையும் வேண்டாம், கருவிழிக்குள் ஒளியும் வேண்டாம். பத்தும் பதினொன்றும் தோல். பன்னிரண்டு முதல் பதினான்கு வரை வாய். கடைசி இரண்டு வரிசை மோவாய்.

அந்த நான்காம் வரிசையை வீண் என்று எண்ணி எடுத்து விடாதீர்கள்! புருவத்துக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் நடுவே ஒரு முழுக் கட்டம் தோல் இல்லாவிட்டால், இரண்டும் ஒட்டிக் கொண்டு கண்ணுக்கு மேல் தடித்த கறுப்புப் பட்டை ஒன்று உருவாகும். நீங்கள் எவ்வளவு சிரிக்க வைத்தாலும் முகம் கோபமாகவே தெரியும். கண்ணாடி அணிந்தவர்களின் எமோஜிகளில் அடிக்கடி காணப்படும் பிழை இதுதான். கோடுகளின் தடிமனுக்குக் கொடுக்கும் மதிப்பை நடுவில் உள்ள இடைவெளிக்கும் கொடுக்க வேண்டும்.

வாய்க்கு வருவோம். அகலம் பத்துக் கட்டம். இது அவளுடைய உண்மையான வாயை விட மிகப் பெரியதுதான். அப்படித்தான் இருக்க வேண்டும். மேல் வரிசையில் பத்துக் கட்டமும் வெள்ளை; அதுதான் பற்கள். பற்களைப் பிரிக்கும் கோடுகள் கூடாது. அடுத்த வரிசையில் எட்டுக் கட்டம் கருஞ்சிவப்பு. அதற்கும் கீழே ஆறு. இப்படிக் கீழே போகப் போகக் குறுகுவதால் படகு போன்ற வடிவம் கிடைக்கும். பதினோராம் வரிசையில், வாயின் இரு ஓரங்களுக்கு மேலே ஒவ்வொரு கட்டத்தைக் கருமையாக்கினால் ஓரங்கள் மேலே ஏறியது போலாகும்.

வாயை நீள்சதுரமாக விட்டு, அதை முழுவதும் வெள்ளைப் பற்களால் நிரப்பினால் என்ன? ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிகளில் 'சிரிக்கும் கண்களோடு இளிக்கும் முகம்' என்ற எமோஜி முன்பு ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 2016-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினர் அதைப் பலருக்கும் காட்டிக் கேட்டபோது, வேறு நிறுவனங்கள் வரைந்த அதே எமோஜியை மகிழ்ச்சி என்று சொன்னவர்கள், ஆப்பிளின் படத்தை மட்டும் சற்று வேதனையான முகமாகப் புரிந்து கொண்டார்கள். பல்லைக் கடித்துக் கொண்டு வலியைப் பொறுப்பவரின் வாயும் நீள்சதுரம்தானே! ஆப்பிள் நிறுவனம் அதே ஆண்டில் அந்தப் படத்தை மாற்றி விட்டது.

கட்டத்தாளில் திருப்தி ஏற்பட்டதும் கணினிக்குப் போகலாம். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் நிரலில் 22-க்கு 22 என்று கட்டம் அமைத்து, கட்டங்களின் ஓரத்தை ஒட்டி வடிவங்களை வரையுங்கள். சதுரம் சதுரமாகவே வரைய வேண்டியதில்லை. வாயையும் முடியையும் வளைவாகவே வரையலாம். முடித்ததும் 128 புள்ளி அகலத்தில் படமாக்கிக் கொள்ளுங்கள். 128-ஐ 22-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5.8. எனவே 128 புள்ளிப் படத்தில் எந்தக் கோடும், எந்த இடைவெளியும் 6 புள்ளிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் முன்பு கண்ட கண்ணாடிச் சட்டத்தின் கதிதான்.

நிறமும் வெளிச்சமும்

நம்மில் பலருக்கு மாநிறம் அல்லது கறுப்பு நிறத் தோல். புருவமும் முடியும் கறுப்பு. அப்போது புருவம் தோலில் கலந்து விடாதா? பலர் இதற்குக் கண்டுபிடிக்கும் சுலபமான வழி தோலை வெளுப்பாக்குவது. அது தேவையில்லை, எமோஜி உங்களுடையதாகவும் இருக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். தோலின் வெளிச்சம் 110, புருவத்தினுடையது 20 என்றால் வித்தியாசம் 90. இது தாராளமாகப் போதும். ஆனால், புருவம் அரைப் புள்ளித் தடிமனாக இருந்தால் கலந்து 65 ஆகி, வித்தியாசம் 45-ஆகப் பாதி குறைந்து விடும். ஆகவே குறை தோலின் நிறத்தில் இல்லை; கோட்டின் தடிமனில் இருக்கிறது. இரண்டு புள்ளித் தடிமன் கொடுத்தால் 90-உம் முழுதாகக் கிடைக்கும்.

இன்னொரு சோதனை. படத்தின் நிறங்களை நீக்கிச் சாம்பல் நிறமாக்கிப் பாருங்கள். வாய் மறைந்து போனால், அதற்கும் தோலுக்கும் நிறத்தில்தான் வேற்றுமை இருந்தது, வெளிச்சத்தில் இல்லை என்று பொருள். நம் கண் மிகச் சிறிய வடிவங்களை வெளிச்ச வேற்றுமையால் பிரித்தறியும் அளவுக்கு நிற வேற்றுமையால் அறிவதில்லை. உதட்டை இன்னும் சிவப்பாக்குவதால் பயன் இல்லை. வாயின் உட்புறத்தை இருட்டாக்குங்கள்.

விளிம்புக்கு ஒதுக்கிய கட்டத்துக்கு இப்போது வேலை வந்து விட்டது. எமோஜியின் பின்னணி ஒளிபுகும்படி இருக்கும். ஆனால், சிலர் வெள்ளைத் திரையிலும், சிலர் இருண்ட திரையிலும் படிக்கிறார்கள். கறுப்பு முடி இருண்ட திரையில் கரைந்து போனால், மேல் பாதி இல்லாத முகம் ஒன்று மட்டும் மிதக்கும். முடியைச் சுற்றி ஒரு புள்ளி அகலத்துக்கு வெளிர் நிற விளிம்பு கொடுத்தால், வெள்ளைத் திரையில் அது மறைந்து விடும். இருண்ட திரையில் முடியைக் காப்பாற்றும்.

சோதித்துப் பார்ப்போம்

வரைந்ததைப் பெரிதாக வைத்துக் கொண்டு அழகு பார்ப்பதில் பயன் இல்லை. இமேஜ்மேஜிக் என்னும் இலவச நிரல் இருந்தால் இந்த நான்கு கட்டளைகளைக் கொடுங்கள்:

```
magick mugam.png -filter box -resize 22x22 siru.png
magick siru.png -scale 1600% peridhu.png
magick siru.png -background white -flatten vellai.png
magick siru.png -background "#313338" -flatten karuppu.png
```

முதலாவது கட்டளை நாம் பேசிய சராசரிக் கணக்கைப் போட்டு 22 புள்ளிப் படம் தருகிறது. இரண்டாவது அதை 16 மடங்கு பெரிதாக்கி ஒவ்வொரு புள்ளியையும் சதுரமாகக் காட்டுகிறது. மற்ற இரண்டும் வெள்ளைப் பின்னணியிலும் இருண்ட பின்னணியிலும் வைத்துக் காட்டுகின்றன. பெரிதாக்கிய படத்தில் நீங்கள் தேட வேண்டியது ஒன்றே: கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் சதுரங்கள் வரிசையாக நிற்கின்றனவா? அங்கே உங்கள் கோடு கட்டத்தின் எல்லையைத் தாண்டி விழுந்திருக்கிறது. அரைக் கட்டம் நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகி விடும். வளைவுகளின் ஓரத்தில் ஓரிரு சாம்பல் சதுரங்கள் வருவது இயல்பு. அவற்றை விட்டு விடலாம்.

அந்தப் பெரிய படத்தில் முகம் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் தீர்ப்பளிக்காதீர்கள். 1973-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் படத்தைச் சில நூறு பெரிய சதுரங்களாக மாற்றி வெளியிட்டார். அருகில் பார்த்தால் வெறும் சதுரங்கள். கண்ணைச் சுருக்கிக் கொண்டோ தள்ளி நின்றோ பார்த்தால் லிங்கன்! சதுரங்களின் கூர்மையான ஓரங்கள்தாம் முகத்தை மறைத்துக் கொண்டிருந்தன. உங்கள் பெரிய படத்திலும் அதே மறைப்பு உண்டு. முகத்துக்குத் தீர்ப்புச் சொல்லச் சிறிய படத்தையே பார்க்க வேண்டும்.

அதையும் நீங்கள் பார்க்கக் கூடாது. வரைந்தவருக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆகவே இல்லாத சிரிப்பும் அவர் கண்ணுக்குத் தெரியும். அதே முகத்தைச் சிரிப்பு, அழுகை, கோபம் என்று மூன்றாக வரைந்து, ஒவ்வொன்றையும் ஒரு வரி எழுத்துக்கு நடுவே வைத்து, இதைப் பற்றி ஒன்றும் அறியாத நான்கைந்து பேரிடம் ஒரு வினாடி மட்டும் காட்டுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "யார் இது? என்ன செய்கிறார்?" என்று கேட்டு, பதிலை அப்படியே எழுதிக் கொள்ளுங்கள். சிரிப்பைக் கோபம் என்றால் புருவத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். சிரிப்பை அழுகை என்றால் வாயோரத்தின் அந்த இரண்டு கட்டங்களைப் பாருங்கள். உணர்ச்சியைச் சரியாகச் சொல்லி, ஆளை மட்டும் மாற்றிச் சொன்னால், முடியின் வெளிக்கோட்டை இன்னும் ஒரு கட்டம் புடைக்கச் செய்து, வேறு ஆட்களிடம் காட்டுங்கள்.